வட்டம் நீள்வட்டமாக வருகிறது: வெளிச்சுற்றில் ஒரு கணக்கு, உள்துளையில் வேறு கணக்கு

நூல்கண்டு

வணக்கம். கோன் நூல் உட்காரும் தாங்கி வளையம் ஒன்றை பிஎல்ஏவில் அடித்துக்கொண்டிருக்கிறேன். வெளி விட்டம் 90, உள் விட்டம் 70, உயரம் 12 மி.மீ. பெட் முன்பின் நகரும் சாதாரண வகை 3டி பிரிண்டர். இந்த வளையம் இயந்திரத்தில் இருக்கும் ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் இறங்க வேண்டும். கிண்ணத்தின் உள்ளளவு 90.2. வளையம் இறங்க மறுக்கிறது. ஒரு மூலையில் கடிக்கிறது, அதற்கு எதிர் மூலையில் இடைவெளி தெரிகிறது.

வெர்னியர் வைத்து நான்கு திசையிலும் அளந்தேன். முதல் சில லேயர்கள் பிதுங்கியிருக்கும் என்பதால் நடு உயரத்தில்தான் அளந்தேன். ஒவ்வொரு லேயரும் தொடங்கி முடியும் சீம் தழும்பை ஸ்லைசரில் இந்த நான்கு திசையிலும் படாத இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

வெளிச்சுற்று: எக்ஸ் திசையில் 89.74, ஒய் திசையில் 89.96. முன்-இடதிலிருந்து பின்-வலதுக்கு 90.30. முன்-வலதிலிருந்து பின்-இடதுக்கு 89.62.

உள்துளை: எக்ஸ் 69.50, ஒய் 69.72. மூலைவிட்டங்கள் 69.70, 69.73.

எனக்குப் புரியாதது இதுதான். வெளியில் இரண்டு மூலைவிட்டத்துக்கும் 0.68 வித்தியாசம். அதே பிரிண்டில், அதே லேயரில், துளையின் மூலைவிட்டங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன. ஃப்ரேம் கோணலாக இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தானே கோணலாக வேண்டும்? பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன், விறைப்பாகத்தான் இருக்கிறது.

சுருள்வில்

ஒய்யைவிட எக்ஸ் 0.22 குறைகிறது, அவ்வளவுதானே? ஸ்டெப்ஸைத் திருத்துங்கள். இப்போது 80 என்று இருக்கும். 90-ஐ 89.74-ஆல் வகுத்து 80-ஆல் பெருக்கினால் 80.23 வரும். `M92 X80.23` கொடுத்து `M500` போட்டுவிடுங்கள். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன், அளவு சரியாகிவிடும். துளையை வெர்னியரின் உள்தாடையில் அளப்பது நம்பத்தக்கதல்ல, அதை விட்டுவிடுங்கள்.

லேத்பட்டறை

சுருள்வில் தம்பி சொல்வதில் துளை அளவைப் பற்றிய பாதி சரி. உள்தாடையில் துளையின் உண்மையான விட்டம் கிடைக்காது, கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். ஆனால் ஒரே துளையில் ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் உள்ள வித்தியாசத்தை அது ஒழுங்காகவே காட்டும். இங்கே நமக்கு வேண்டியதும் அந்த வித்தியாசம்தான். தூக்கிப் போட வேண்டாம், இந்தப் புதிருக்கான விடையே அதில்தான் இருக்கிறது.

ஸ்டெப்ஸைத் தொடாதீர்கள். 20 பல் புல்லி, பல்லுக்குப் பல் 2 மி.மீ. உள்ள பெல்ட், ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோஸ்டெப். 3200-ஐ 40-ஆல் வகுத்தால் 80. இது பல் எண்ணிக்கையில் வரும் கணக்கு. பெல்ட் தளர்ந்தாலும் புல்லியில் பற்கள் குறைவதில்லை. 80.23 என்று போட்டால் 90 மி.மீ. வளையத்துக்கு எக்ஸ் சரியாகும், மற்ற அளவுகளில் எல்லாம் தப்பும்.

நூல்கண்டு, ஒரு சோதனை செய்யுங்கள். 30 மி.மீ. வளையம் ஒன்று அடித்து எக்ஸும் ஒய்யும் அளங்கள். ஸ்டெப்ஸ் கோளாறு என்றால் குறைவு அளவோடு சேர்ந்து சுருங்கி 0.07 அளவுக்கு வரும். இயக்கத்தில் எங்கோ ஆட்டம் என்றால் சின்ன வளையத்திலும் அதே 0.22 குறையும். ஆட்டத்துக்குப் பொருளின் அளவு தெரியாது. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அது தின்னுவது ஒரே அளவு.

பாத்திரக்கடை

எனக்கும் இதே பிரச்சினைதான். எம்3 ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை வைத்தால் ஸ்க்ரூ நுழைவதே இல்லை, எல்லாப் பக்கமும் 2.7, 2.75 என்றுதான் வருகிறது. பெல்ட்டை இறுக்கினால் சரியாகுமா?

லேத்பட்டறை

பாத்திரக்கடை, உங்கள் துளை எல்லாத் திசையிலும் ஒரே அளவு சிறிதாக இருக்கிறது. வட்டம் வட்டமாகத்தான் இருக்கிறது. அதற்குப் பெல்ட்டும் ஃப்ரேமும் காரணமில்லை. சின்ன வளைவில் பிளாஸ்டிக் உள்பக்கம் இழுத்துக்கொள்ளும், மாடலிலும் வட்டம் பலகோணமாகவே இருக்கும். துளையை 3.3 என்று வரையுங்கள், அல்லது ஸ்லைசரில் துளைக்கான திருத்த அளவைக் கூட்டுங்கள். பெல்ட்டில் கை வைக்க வேண்டாம்.

நூல்கண்டு

30 மி.மீ. வளையம் அடித்தேன். எக்ஸ் 29.76, ஒய் 29.98. அதே 0.22 தான், லேத்பட்டறை அண்ணா சொன்னபடியே. அப்படியென்றால் எக்ஸில் ஆட்டம் இருப்பது உறுதி. ஆனால் மூலைவிட்ட விஷயம் இன்னும் பிடிபடவில்லை.

லேத்பட்டறை

இப்போது அதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைசர்கள் பொதுவாக வெளிச்சுவரை கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாக வரையும், துளையின் சுவரைக் கடிகாரச் சுற்றாக வரையும். ஸ்லைசர் முன்தோற்றத்தில் பெரிமீட்டரை மெதுவாக ஓட்டினால் கண்ணாலேயே பார்க்கலாம்.

வெளிச்சுவரில், பின்பாதியை வரையும்போது நாசில் வலமிருந்து இடம் போகிறது. எக்ஸில் ஆட்டம் இருந்தால் நாசில் பின்தங்கும். இடப்பக்கம் போகும்போது பின்தங்கினால் கோடு 0.22-இல் பாதி, அதாவது 0.11 வலப்பக்கமாக விழும். முன்பாதியில் நாசில் இடமிருந்து வலம் போகிறது, அங்கே கோடு 0.11 இடப்பக்கமாக விழும். அதாவது வட்டத்தின் பின்பாதி வலப்பக்கமும் முன்பாதி இடப்பக்கமும் நழுவியிருக்கிறது. இப்போது முன்-இடதிலிருந்து பின்-வலதுக்கு அளந்தால் நீளமாக வரும், மற்ற மூலைவிட்டம் குட்டையாக வரும். பார்ப்பதற்கு அசல் ஃப்ரேம் கோணல் போலவே இருக்கும், ஆனால் ஃப்ரேம் காரணமல்ல.

துளைச்சுவர் கடிகாரச் சுற்றில் போவதால் அங்கே நழுவலும் தலைகீழ். அதே ஆட்டம் துளையில் மற்ற மூலைவிட்டத்தை நீட்டும்.

ஃப்ரேம் கோணலுக்கு நாசில் எந்தச் சுற்றில் போகிறது என்பது பொருட்டல்ல. வெளியையும் துளையையும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும்.

உங்கள் பிரிண்டரில் இரண்டுமே இருக்கின்றன. வெளிச்சுற்றில் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன, 0.68 வந்தது. துளையில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன, மூலைவிட்டங்கள் சமம்போலத் தெரிகின்றன. ஒய்யிலும் இதே அளவு ஆட்டம் இருந்திருந்தால் மூலைவிட்டத்தில் அதன் பங்கு கழிந்து போயிருக்கும். உங்களுக்கு எக்ஸில் மட்டும் இருப்பதால்தான் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது.

ஆகவே முதலில் ஆட்டத்தை ஒழிக்க வேண்டும். அது இருக்கும்வரை கோணலை எந்த அளவாலும் நம்பி அளக்க முடியாது. பெல்ட்டுக்கு முன் ஃப்ரேமைக் கழற்றினால், இல்லாத கோணலையும் சேர்த்துத் திருத்தி, புதிதாக ஒரு கோணலை உண்டாக்கிவிடுவீர்கள்.

கோணமானி

இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. என் கோர்எக்ஸ்ஒய் பிரிண்டரில் 90 வளையத்தில் மூலைவிட்டம் 0.3 வித்தியாசம் வருகிறது. எக்ஸும் ஒய்யும் சரியாக இருக்கின்றன. அப்படியென்றால் எனக்கு ஆட்டம் இல்லை, ஃப்ரேம் கோணல்தான், சரியா?

லேத்பட்டறை

கோர்எக்ஸ்ஒய்யில் அப்படி முடிவு கட்ட முடியாது. அங்கே ஒரு மோட்டார் மட்டும் சுற்றினால் தலை மூலைவாட்டில் நகரும். அதனால் ஒரு பெல்ட்டில் ஆட்டம் என்றால் அது மூலைவிட்டத்திலும் தெரியும். நீங்களும் 30 வளையம் அடியுங்கள். 0.3 அப்படியே இருந்தால் ஒரு பெல்ட்டில் அல்லது அதன் புல்லியில் ஆட்டம். 0.1 ஆகச் சுருங்கினால் கோணல். அப்படிக் கோணல் வருவதற்கும் அங்கே பெரும்பாலும் பெல்ட்டே காரணம். இரண்டு பெல்ட்டின் இழுவை வேறுபட்டால் குறுக்கு பீம் ஒரு பக்கம் இழுபட்டுச் சாய்ந்து நிற்கும்.

பின்னலூசி

நூல்கண்டுக்கு: விரலால் அழுத்திப் பார்ப்பது போதாது. கைப்பேசியில் ஒலி அலைவெண் காட்டும் செயலி ஏதாவது ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டின் இரண்டு முனைக்கு நடுவே சுண்டி, மைக்கைப் பக்கத்தில் வையுங்கள். வோரான் பிரிண்டர் வழிகாட்டியில் 6 மி.மீ. பெல்ட்டுக்கு 150 மி.மீ. நீளத்தில் 110 ஹெர்ட்ஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். நீளம் இரட்டித்தால் அலைவெண் பாதியாகும், 300 மி.மீ. விட்டுச் சுண்டினால் 55.

எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைக்க வேண்டாம். அதிகம் இறுக்கினால் ஐட்லர் போல்ட் வளையும், மோட்டார் பேரிங்கில் பக்கவாட்டுச் சுமை ஏறும். அப்புறம் புல்லி சுற்றும்போது சுவரில் 2 மி.மீ. இடைவெளியில் வரி வரியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

நூல்கண்டு

எக்ஸ் பெல்ட்டில் தலையை வலக்கடைசியில் தள்ளிவைத்து, 300 மி.மீ. நீளம் விட்டுச் சுண்டினேன். 38 ஹெர்ட்ஸ் காட்டியது. விரலுக்கு விறைப்பாகத் தெரிந்ததே தவிர, இழுவை பாதிக்கும் குறைவாக இருந்திருக்கிறது. இறுக்கி 55-க்குக் கொண்டுவந்தேன். மறுபடி வளையம் அடித்தேன். எக்ஸ் 89.74-லிருந்து 89.79 ஆனது. அவ்வளவுதான். இன்னும் 0.17 எங்கே போகிறது?

சுருள்வில்

அதான் சொன்னேனே. பெல்ட் சரி, இப்போது ஸ்டெப்ஸ்தான் மிச்சம்.

லேத்பட்டறை

இல்லை தம்பி, 30 வளையத்தில் 0.22 வந்த பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது.

பெல்ட் சரியானால் அடுத்தது புல்லி. மோட்டார் தண்டின் நுனியிலிருந்து புல்லியின் முகம் வரை மார்க்கர் பேனாவால் ஒரே கோடாக இழுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் இருக்கட்டும், அது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தலையைக் கையால் மெதுவாக இடமும் வலமும் தள்ளுங்கள். பலமாகத் தள்ளி மோட்டாரை ஸ்டெப் தாண்ட விடாதீர்கள். கோடு உடைந்து உடைந்து சேர்ந்தால் புல்லி தண்டின் மேல் ஆடுகிறது. புல்லியில் இரண்டு கிரப் ஸ்க்ரூ இருக்கும். அதில் ஒன்று தண்டின் தட்டைப் பக்கத்தின் மேல் சதுரமாக உட்கார வேண்டும். விளிம்பில் உட்கார்ந்தால் முதல் நாள் இறுக்கமாகத் தெரியும், ஓடஓடத் தளரும்.

கணக்கையும் பாருங்கள். புல்லியின் பல் இருக்கும் ஆரம் சுமார் 6.4 மி.மீ. பெல்ட்டில் 0.17 இழக்க, புல்லி தண்டின் மேல் ஒன்றரை டிகிரி ஆடினால் போதும். கண்ணுக்குத் தப்பிவிடும், பேனாக் கோட்டுக்குத் தப்பாது.

நூல்கண்டு

புல்லிதான். கோடு மயிரிழை அளவுக்கு விலகிச் சேர்ந்தது. கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு கிரப் ஸ்க்ரூவையும் கழற்றி, தட்டைப் பக்கத்தை ஒன்றுக்கு நேராகத் திருப்பி, முதலில் அதை இறுக்கி, பிறகு மற்றதை இறுக்கினேன். இரண்டுக்கும் நீல நிற லாக் பசை ஒரு சொட்டு வைத்தேன்.

புதிய வளையம். வெளி: எக்ஸ் 89.95, ஒய் 89.96, மூலைவிட்டம் 90.14 மற்றும் 89.78. துளை: மூலைவிட்டம் 69.86 மற்றும் 69.58.

வெளியில் வித்தியாசம் 0.68-லிருந்து 0.36 ஆகக் குறைந்துவிட்டது. துளையில் 0.03-லிருந்து 0.28 ஆகக் கூடிவிட்டது! இரண்டும் இப்போது ஒரே பக்கம் நீள்கின்றன.

லேத்பட்டறை

அருமை. இப்போதுதான் ஃப்ரேம் தன் முகத்தைக் காட்டுகிறது. 0.36-ஐ 90-ஆல் வகுங்கள், 0.004. துளையில் 0.28-ஐ 70-ஆல் வகுங்கள், அதே 0.004. இரண்டும் ஒரே விகிதத்தில் வருவதால் மிச்சமிருப்பது கோணல் மட்டுமே என்று நம்பலாம்.

0.004 என்றால் 0.23 டிகிரி. உங்கள் இரண்டு தூணுக்கும் இடையே எவ்வளவு தூரம்? 340 என்று வைத்தால் பீமின் ஒரு முனை மற்றதைவிட 1.36 மி.மீ. முன்னாலோ பின்னாலோ நிற்கிறது. முன்-இடது முதல் பின்-வலது வரை நீளம் என்பதால் வலது முனைதான் பின்னால் போயிருக்கிறது.

ஸ்பேனரை எடுக்கும் முன் பிரிண்ட் அடிக்காமலேயே சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒரு நல்ல எஃகு மூலைமட்டத்தைப் பெட்டில் கிடத்துங்கள். நாசில் சூடாக இருக்க வேண்டாம். நாசிலை மட்டத்தின் ஒரு கை ஓரமாக எக்ஸில் ஓட்டி, தாள் ஒன்று ஒரே மாதிரி உரசும்படி மட்டத்தைத் திருப்பி வையுங்கள். பிறகு மற்ற கை ஓரமாக ஒய்யில் 100 மி.மீ. ஓட்டினால், கடைசியில் 0.4 இடைவெளியோ இடிப்போ தெரிய வேண்டும். ஹார்ட்வேர் கடையில் வாங்கும் மூலைமட்டமே சில சமயம் இதைவிடக் கோணலாக இருக்கும். பலகையில் ஒரு கோடு இழுத்து, மட்டத்தைக் கவிழ்த்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் நல்லது.

பின்னலூசி

இந்த அளவுக்கு எதற்கு ஃப்ரேமைக் கழற்ற வேண்டும்? ஆட்டம் போய்விட்டது, கோணல் மாறாமல் ஒரே அளவு இருக்கிறது. கிளிப்பர் ஃபர்ம்வேர் போட்டிருந்தால் `[skew_correction]` சேர்த்து, 100 மி.மீ. சதுரம் ஒன்று அடித்து, இரண்டு மூலைவிட்டத்தையும் ஒரு பக்கத்தையும் கொடுத்தால் வேலை முடிந்தது. மார்லினில் `M852` இருக்கிறது, ஆனால் அதைச் சேர்த்து ஃபர்ம்வேரைக் கம்பைல் செய்திருக்க வேண்டும்.

லேத்பட்டறை

கடைசியாக மிஞ்சும் சிறு துளிக்கு அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் 1.36 மி.மீ. விலகி நிற்கும் தூணில் ஏதோ ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். உட்காராத போல்ட் நாளைக்கு இன்னும் நகரும். அன்றைக்கு நீங்கள் போட்ட எண் பொய்யாகிவிடும். பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

நூல்கண்டு

பார்த்துவிட்டேன். பிரிண்டரைச் சமையலறைக் கிரானைட் மேடையில் வைத்தேன், அதுதான் வீட்டில் இருப்பதிலேயே தட்டையான இடம். அடிச்சட்டத்தின் முன்முனையிலிருந்து தூண் வரை பொருந்தும்படி ஓர் அலுமினியத் துண்டை இடப்பக்கத்துக்கு வெட்டினேன். அதே துண்டை வலப்பக்கம் வைத்தால் தூணுக்கும் அதற்கும் நடுவே ஃபீலர் கேஜ் 0.9 நுழைந்தது. வலது தூண் 0.9 பின்னால் இருக்கிறது.

தூணின் அடி போல்ட்டுகளை இரு பக்கமும் அரைச்சுற்று தளர்த்தினேன். போல்ட் துளையில் இருக்கும் இடம் கொஞ்சம்தான். வலதை முன்னாலும் இடதைப் பின்னாலும் தள்ளி, துண்டையும் 0.1 தகட்டையும் வைத்து, மாறி மாறி இறுக்கினேன். ஒரே போல்ட்டை ஒரே மூச்சில் முறுக்கினால் தூண் கூடவே திரும்புகிறது, அதைக் கண்ணால் பார்த்தேன்.

மிச்சம் பீமின் இடப்பக்கத் தகட்டில் இருந்தது. எக்ஸ் பீமைத் தகட்டோடு பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவும் தளர்ந்திருந்தன. அவற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்தி, மூலைமட்டத்தின் ஓரமாக நாசில் ஒழுங்காக ஓடும்வரை பீமைத் திருப்பி இறுக்கினேன். பீம் சாயாமல் கிடைமட்டமாக இருக்கிறதா என்று இரு முனையிலும் ஒரே கட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது வெளி மூலைவிட்டம் 89.99, 89.93. வளையம் கிண்ணத்தில் எப்படித் திருப்பி வைத்தாலும் இறங்குகிறது.

பின்னலூசி

0.06 மிச்சம். அதை இப்போது மென்பொருளில் கழிக்கலாம், அண்ணனும் மறுக்க மாட்டார். 100 சதுரத்தில் இந்த அளவு கோணல் இப்படி வரும்:

```
SET_SKEW XY=141.47,141.37,100.00
SKEW_PROFILE SAVE=valai
SAVE_CONFIG
```

இது உதாரணம்தான். நீங்கள் அடித்து அளந்த எண்களைப் போடுங்கள், ஏ-சி, பி-டி, ஏ-டி என்ற வரிசை மாறக் கூடாது. தொடக்க ஜி-கோடில் `SKEW_PROFILE LOAD=valai` இல்லாவிட்டால் திருத்தம் வேலை செய்யாது. முடிவில் `SET_SKEW CLEAR=1` போட்டுவிடுங்கள்.

லேத்பட்டறை

என் வெர்னியர் 0.02-க்குக் கீழே சொல்வதை நான் நம்புவதில்லை. 0.06 வித்தியாசத்தில் பாதி அளக்கும் கையின் அழுத்தமாக இருக்கலாம். ஒரே வளையத்தைப் பல முறை அளந்து எண் நிலையாக நின்றால் மட்டும் திருத்தம் போடுங்கள். வேலைக்கு இப்போதே போதும் என்பது என் எண்ணம்.

பின்னலூசி

பெரிய பாகம் அடிப்பவருக்குப் போதாது அண்ணா. 200 மி.மீ.க்கு அது 0.13 ஆகிவிடும்.

கோணமானி

30 வளையம் அடித்துவிட்டேன். மூலைவிட்ட வித்தியாசம் 0.19 வருகிறது. 0.3-ம் இல்லை, 0.1-ம் இல்லை. இரண்டு பெல்ட்டையும் 150 மி.மீ.யில் சுண்டினால் ஒன்று 108, இன்னொன்று 94.

லேத்பட்டறை

அப்படியானால் உங்களிடமும் இரண்டும் கலந்திருக்கிறது. தளர்ந்ததை முதலில் 108-க்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் குறுக்கு பீமின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பீமை முன்பக்கம் இரண்டு தடுப்பிலும் ஒன்றாக முட்டும்படி இழுத்து வைத்து இறுக்குங்கள். பிறகு 30, 90 இரண்டையும் மறுபடி அடித்து, துளையின் மூலைவிட்டங்களையும் சேர்த்துப் போடுங்கள்.